மேட்ச் குப்பையோட தலையெழுத்து கேட்ல இல்ல, கடைக்காரர் காண்ட்ராக்ட்ல இருக்கு

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நடத்துனவங்க குப்பை விஷயத்துல ரெண்டு வாக்கு குடுத்திருந்தாங்க. போட்டி நடக்குற நாட்கள்ல வர்ற குப்பை எதுவும் நேரா குப்பைமேட்டுக்குப் போகாதுங்கிறது ஒண்ணு. அதுல 70 சதவீதமாவது மறுபயன்பாடு, மறுசுழற்சி, உரம்னு ஏதோ ஒரு வழில திரும்ப உபயோகமாகும்ங்கிறது இன்னொண்ணு. எல்லாம் முடிஞ்சு கணக்கு பாத்தா மொத வாக்கு முழுசா நிறைவேறியிருந்துச்சு, ரெண்டாவது 62 சதவீதத்துல நின்னுடுச்சு. மிச்சம் இருந்தது எரிச்சு கரண்ட் எடுக்குற இடத்துக்குப் போச்சு.

இதுல கவனிக்க வேண்டியது அவங்க ஏனோதானோன்னு பண்ணலைங்கிறதுதான். சுமார் 1 கோடியே 40 லட்சம் சாப்பாடு பரிமாற வேண்டியிருக்கும்னு முன்னாடியே கணக்கு போட்டு, உணவுக் கடைக்காரங்க எந்த மாதிரி தட்டு, கப், கவர் குடுக்கலாம்னு விதி எழுதி, ஒவ்வொரு பேக்கிங் மேலயும் கலர் குறி போட வச்சாங்க. மறுசுழற்சிக்குப் போறதுக்கு பச்சை, உரத்துக்குப் போறதுக்கு ஆரஞ்சு, ரெண்டுக்கும் ஆகாததுக்கு கறுப்பு. தொட்டிலயும் அதே கலர். கைல இருக்குற டப்பால ஆரஞ்சு குறி இருந்தா ஆரஞ்சு தொட்டில போடு, அவ்வளவுதான், யோசிக்கவே வேண்டாம். இவ்வளவு பண்ணியும் பொதுமக்கள் போடுற தொட்டிகள்ல கலப்படம் வந்து சேந்துச்சு.

(நம்ம ஊர்ல யாராவது இந்தக் கலரை அப்படியே எடுத்துப் போட்டா பெரிய குழப்பம் ஆகும், இங்க பச்சைன்னா மக்குற குப்பை, நீலம்னா மக்காத குப்பைன்னு வீட்டு வாசல்லயே பழக்கியாச்சு.)

அதனால இந்தக் கட்டுரைல தொட்டி, போஸ்டர், விழிப்புணர்வு வாசகம் பத்தி அதிகம் பேசப் போறதில்ல. ஸ்டேடியம்ங்கிறது கிட்டத்தட்ட மூடுன பாத்திரம் மாதிரி, வெளில இருந்து சாப்பாடு தண்ணி எடுத்துட்டு வர விடமாட்டாங்க, பையை செக் பண்ணித்தான் அனுப்புவாங்க, அப்போ உள்ள விழுற குப்பைல பெரும்பகுதி கடைக்காரரும் ஸ்பான்சரும் கொண்டு வந்த பொருள்தான். தெருக்குப்பைக்கும் ஸ்டேடியம் குப்பைக்கும் இதுதான் பெரிய வித்தியாசம். உள்ள என்ன வருதுன்னு ஒரு மாசம் முன்னாடி முடிவு பண்ண முடியும். முடிவு பண்ணாம விட்டுட்டு ராத்திரி 12 மணிக்கு இருபது முப்பது பேரை வச்சு பிரிக்க வைக்கிறதுதான் வழக்கமா நடக்குறது.

ஒரு உதாரணம் வச்சு போவோம். சென்னை மாதிரி ஊர்ல ராத்திரி ஏழரை மணி டி20 மேட்ச், 30,000 பேர். இனிமே சொல்ற எண்ணெல்லாம் இந்தக் கணக்குக்கு நான் எடுத்துக்கிட்ட அனுமானம், உங்க இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும்.

தலைக்கு இத்தனை கிராம்னு ஒரு எண்ணை எங்கயோ இருந்து எடுத்து 30,000ஆல பெருக்கி மொத்த டன் சொல்றது சுலபம், ஆனா அதை வச்சு எந்த வேலையும் திட்டம் போட முடியாது. கடைக்காரரோட ஆர்டர்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரி. ஆளுக்கு ரெண்டு தடவை ஏதாவது குடிப்பாங்கன்னு வச்சா 60,000 கப். ஒரு சின்ன கப் 5 கிராம்னா மொத்தம் 300 கிலோதான் வருது. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்காம கண்டபடி போட்ட கப் ஒண்ணு காத்தோட சேத்து கிட்டத்தட்ட 400 மில்லி இடத்தை அடைக்கும், அப்போ 60,000 கப்புக்கு 24,000 லிட்டர். சக்கரம் வச்ச 240 லிட்டர் தொட்டி பாத்திருப்பீங்க, அதுல 100 தொட்டி ரொம்புற அளவு இது. அப்படி ரொம்பி வழியுற தொட்டிக்குள்ள இருக்குற சரக்கோட எடை வெறும் 3 கிலோ!

சாப்பாட்டு மிச்சம் இதுக்கு நேர் தலைகீழ். அதே 240 லிட்டர் தொட்டில சோறு, கிரேவி, பழத்தோல்னு முழுசா ரொப்புனா 100 கிலோவைத் தாண்டிடும், படிக்கட்டு பக்கம் ஒருத்தரால அதை அசைக்க முடியாது, சக்கரம் உடையும், சாய்ஞ்சா அந்த நடைபாதை முழுக்க நாறும். அதனால ஈரக் குப்பைக்கு 120 லிட்டருக்கு மேல தொட்டியே வைக்கக்கூடாது, உலர் குப்பைக்கு பெருசா வைக்கலாம். குப்பையை டன்ல மட்டும் யோசிக்கிறவங்க ஒரே சைஸ் தொட்டியை ரெண்டுக்கும் வாடகைக்கு எடுத்துடுவாங்க, அப்புறம் உலர் தொட்டி எட்டரை மணிக்கே வழிஞ்சு ஜனங்க பக்கத்துல இருக்குற ஈரத் தொட்டில கப்பைப் போட ஆரம்பிப்பாங்க. கலப்படத்துக்கு ஜனங்களைத் திட்டுறோம், பாதி நேரம் காரணம் ரொம்பிப் போன தொட்டிதான்.

நேரமும் முக்கியம், ஏன்னா குப்பை சீரா வராது. மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அலை, இன்னிங்ஸ் இடைவேளைல எல்லாரும் ஒரே நேரத்துல கடைக்கு ஓடும்போது பெரிய அலை, கடைசி ஓவர் முடிஞ்சதும் சீட்டுக்கு அடியில அப்படியே விட்டுட்டுப் போறது மூணாவது. இடைவேளைக்கு முன்னாடி ரெண்டு ஓவர் இருக்கும்போதே எல்லாத் தொட்டியும் காலியா இருக்கணும், அதுக்கான ஆள் கணக்கும் தள்ளுவண்டி வழியும் தனியா எழுதி வைக்கணும், ஏன்னா இடைவேளைல நடைபாதைல ஒரு தள்ளுவண்டியை ஓட்டிப் பாருங்க, நகராது.

சரி இப்போ கடைக்காரர் விதிக்கு வருவோம், விஷயமே இதுலதான் இருக்கு.

பெரும்பாலான காண்ட்ராக்ட்ல "தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பயன்படுத்தக் கூடாது, சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருட்களைப் பயன்படுத்த வேண்டும்"னு ஒரு வரி இருக்கும். இந்த வரியால ஒரு பிரயோஜனமும் கிடையாது. எது உகந்ததுன்னு கடைக்காரர் சப்ளையரைக் கேப்பார், சப்ளையர் மேல இலை படம் போட்ட எதையும் உகந்ததுன்னு சொல்லி வித்துடுவார். விதின்னா அது அனுமதிக்கப்பட்ட பொருள் பட்டியலா இருக்கணும். இந்தந்தப் பொருள் மட்டும் உள்ள வரலாம், பட்டியல்ல இல்லாத எதுவும் வரக்கூடாது. எதெல்லாம் கூடாதுன்னு எழுதுனா புதுசு புதுசா ஏதாவது கண்டுபிடிச்சு கொண்டு வருவாங்க.

தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கு, அதுல கேரி பேக், ஸ்ட்ரா, தெர்மாகோல் தட்டு, தண்ணி பாக்கெட் மட்டும் இல்ல, உள்பக்கம் பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப், பேப்பர் தட்டு, அப்புறம் பிளாஸ்டிக் கொடியும் அடக்கம். பேப்பர் கப்னா பேப்பர்தானேன்னு நினைக்கிறவங்க இன்னும் நிறைய பேர். சூடா டீ ஊத்தினாலும் ஒழுகாம நிக்குதுன்னா உள்ள மெல்லிசா ஒரு பூச்சு இருக்குன்னு அர்த்தம், அந்தப் பூச்சை சாதாரண பேப்பர் மில்லுல சுலபமா பிரிக்க முடியாது, உரக்குழில போட்டா பேப்பர் மக்கி படலம் மட்டும் துணுக்கு துணுக்கா மிஞ்சும். ஆக பழைய பேப்பர் வாங்குறவரும் எடுக்கமாட்டார், உரம் போடுறவரும் எடுக்கமாட்டார்.

அடுத்த பொறி, மக்கும்னு சொல்ற கண்ணாடி மாதிரி கப். சோள மாவுல இருந்து எடுக்குற பிஎல்ஏங்கிற பிளாஸ்டிக்ல பண்ணுனது. தொழிற்சாலை அளவுல நல்லா சூடேறுற உரக்கூடத்துல அது மக்கும், உண்மைதான், பொய் சொல்லலை. சிக்கல் என்னன்னா பாக்குறதுக்கு தண்ணி பாட்டில் பண்ணுற பெட் பிளாஸ்டிக் கப் மாதிரியே இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டேபிள்ல நின்னு பிரிக்கிறவருக்கு ரெண்டையும் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்ல, தண்ணில போட்டாலும் ரெண்டும் முங்கும். பெட் மூட்டைக்குள்ள இது கொஞ்சம் கலந்தாலே மறுசுழற்சி பண்றவருக்குத் தலைவலி, உரக்குழிக்குள்ள பெட் கலந்தா உரம் பண்றவருக்குத் தலைவலி. என் கருத்து கறாரானது: கண்ணுக்குப் பிரிச்சுத் தெரியாத ரெண்டு பொருள் ஒரே இடத்துக்குள்ள வரக்கூடாது, சான்றிதழ் இருந்தாலும் சரி. பெட் உள்ள இருக்குன்னா பிஎல்ஏ வேண்டாம்.

பாக்கு மட்டைத் தட்டு விஷயத்துலயும் ஒரு கேள்வி கேக்கணும். மக்குமா மக்காதான்னு கேக்குறதை விட, நம்ம ஈரக் குப்பை எந்த ஆலைக்குப் போகுது, அந்த ஆலை இதை எடுக்குமான்னு கேக்கணும். சென்னைல சேத்துப்பட்டுல இருக்குற மாதிரி உணவுக் கழிவுல இருந்து எரிவாயு எடுக்குற ஆலைக்குப் போறதா இருந்தா அங்க வேண்டியது சோறு, காய்கறி, குழம்பு. பாக்கு மட்டை நார் பிடிச்ச பொருள், அந்தத் தொட்டிக்குள்ள அது சீக்கிரம் செரிக்காது, மிதக்கும், பம்ப்பை அடைக்கும். உரம் போடுற இடத்துக்குப் போறதா இருந்தா துண்டு துண்டா அரைச்சுப் போட்டா மக்கும், முழுசா போட்டா சோறு மக்கி முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சும் அப்படியே கிடக்கும். வாழை இலைத் துண்டுக்கு இவ்வளவு பிரச்சினை இல்ல. அதனால வரிசை இப்படித்தான் இருக்கணும்: மொதல்ல குப்பை போய்ச் சேர்ற இடத்தோட பேசி அவங்க எதை எடுப்பாங்கன்னு எழுதி வாங்கணும், அதுல இருந்து தட்டு எதுன்னு முடிவு பண்ணணும். பொதுவா எல்லாரும் தட்டை வாங்கிட்டு அப்புறம் ஆலை தேடுறாங்க.

பட்டியல் முடிவானதும் யார் வாங்குறதுங்கிறது வரும். இருபது கடை இருக்குன்னா இருபது பேரும் தனித்தனியா கப் வாங்குனா இருபது விதமா வரும். நடத்துறவரே மொத்தமா வாங்கி கடைக்காரருக்கு எண்ணிக் குடுத்து காசு பிடிச்சுக்கிறதுதான் நல்லது. இதுல ரெண்டாவது லாபம் ஒண்ணு இருக்கு, எத்தனை கப் உள்ள போச்சுன்னு உங்களுக்கு எண்ணிக்கை தெரிஞ்சுடும், கடைசில எடை போடும்போது அது ரொம்ப உதவும், பின்னாடி சொல்றேன்.

கப் பிரச்சினைக்கு டெபாசிட் கப் நல்ல வழி, ஆனா அதுலயும் நுணுக்கம் இருக்கு. ஜெர்மனி கால்பந்து ஸ்டேடியங்கள்ல கெட்டியான பிளாஸ்டிக் கப்ல பானம் குடுத்து டெபாசிட் வாங்கிட்டு, கப்பைத் திருப்பிக் குடுத்தா காசு திருப்பித் தர்ற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. நமக்கும் புதுசில்ல, நீலகிரில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கி காலி பாட்டில் குடுத்தா திருப்பித் தர்ற ஏற்பாடு உயர்நீதிமன்றம் சொல்லி ஆரம்பிச்சுது, அப்புறம் மத்த மாவட்டங்களுக்கும் வந்துச்சு. காட்டுக்குள்ள உடைஞ்சு கிடந்த பாட்டிலுக்கு ஒரு விலை வந்ததும் அதைப் பொறுக்கவும் ஆள் வந்தாங்க.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 2 யூரோ டெபாசிட்ல திரும்ப உபயோகிக்கிற கப் குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பல இடங்கள்ல கவுண்டருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து அந்தக் கப்ல ஊத்திக் குடுத்துட்டு இருந்தாங்க, பாத்தவங்க கேலி பண்ணுனாங்க. இன்னொண்ணு, ஒலிம்பிக்ஸ் படம் போட்ட அழகான கப்பை நினைவுப் பொருளா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது. திரும்ப உபயோகிக்கிற கப் 30, 40 கிராம் இருக்கும், 5 கிராம் பேப்பர் கப்பை விட பல மடங்கு. திரும்பி வரலைன்னா நீங்க குப்பையைக் குறைக்கலை, கூட்டியிருக்கீங்க. அதனால கப்ல டீம் லோகோ, வீரர் படம் எதுவும் போடாம மொட்டையா, கொஞ்சம் அசிங்கமாவே இருக்கணும்னு சொல்லுவேன், ஸ்பான்சர் ஒத்துக்கமாட்டார், அது வேற சண்டை.

நம்ம உதாரணத்துல 60,000 தடவை பானம் ஊத்தணும்னா 60,000 கப் தேவையில்ல, ஒரே கப்ல ரெண்டாவது தடவை ஊத்திக்கலாம், ஆனா இடைவேளை நேரத்துல கழுவி முடிக்க முடியாதுங்கிறதால 40,000 கையிருப்பு வச்சுக்கணும். பத்துல ஒண்ணு திரும்பாதுன்னு வச்சா 30,000 பேருக்குக் குடுத்ததுல 3,000 கப் போயிடும், வாங்குன டெபாசிட் தொகை ஒரு கப்போட அடக்க விலையை விடக் கூட இருந்தா நஷ்டம் இல்ல. மாட்டிக்கிற இடம் கழுவுறதும் காய வைக்கிறதும்தான். சரியா காயாம அடுக்குன கப் அடுத்த மேட்ச்க்குப் பெட்டியைத் திறக்கும்போது பூஞ்சை வாடை அடிக்கும், மொத்தத்தையும் திரும்பக் கழுவணும். ஸ்டீல் டம்ளர் குடுக்கலாமேன்னு யாராவது கேப்பாங்க, பாதுகாப்பு ஆளுங்க விடமாட்டாங்க, மைதானத்துக்குள்ள வீச முடியுற எதுவும் கேலரிக்குள்ள வரக்கூடாது.

பட்டியல் எழுதியாச்சு, பொருள் வாங்கிக் குடுத்தாச்சு, அப்புறமும் ஏமாத்து நடக்கும், எப்போன்னு தெரிஞ்சா பிடிச்சுடலாம். கேட் திறக்குறதுக்கு முன்னாடி செக்கிங் வரும்னு எல்லாருக்கும் தெரியும், அப்போ எல்லாம் ஒழுங்கா அடுக்கி இருக்கும். இடைவேளைக்கு அப்புறம்தான் சரக்கு தீரும், கடைப் பையன் ஒருத்தன் வெளில ஓடிப்போய் பக்கத்துக் கடைல கிடைச்ச கப்பை கோணில போட்டு எடுத்துட்டு வருவான். இதுல அவன் மேல கோபப்பட ஒண்ணும் இல்ல, கஸ்டமர் நிக்குறாங்க, கப் இல்ல, என்ன பண்ணுவான். அதனால உபரி கப் ஒரு ஸ்டோர்ல இருக்கணும், கேட்டா அஞ்சு நிமிஷத்துல வந்து சேரணும். செக்கிங் ரெண்டாவது இன்னிங்ஸ் நடுவுல இருக்கணும், கவுண்டரைப் பாக்காம கவுண்டருக்குக் கீழ இருக்குற கோணியைப் பாக்கணும்.

விதியை மீறுனா கடைக்காரர் கட்டுன முன்பணத்துல பிடிப்போம்னு சொல்றதும் எப்படின்னு தெளிவா இருக்கணும். ஒவ்வொரு கடைக்கும் பின்பக்கம் ஒரு குப்பை ஒப்படைக்கிற இடம் இருக்கு, அங்க ஒரு ஆள் நிக்கிறார், கடைக்காரர் ஈரம் தனியா, அட்டைப்பெட்டி மடிச்சுத் தனியா, எண்ணெய் டின்ல தனியா கொண்டு வர்றார், அந்த ஆள் மூட்டையைத் திறந்து பாத்து எடை போட்டு சீட்டுல எழுதிக் குடுக்குறார். சீட்டு இருந்தாதான் முன்பணம் திரும்பும். தப்புக்குத் தண்டனைன்னு தேடிப் போறதை விட, சரியா பண்ணுனதுக்கு ஆதாரம் காட்டி காசை வாங்கிக்கோன்னு சொல்றது நடைமுறைல ரொம்ப சுலபம். பொரிச்ச எண்ணெயை சாக்கடைல ஊத்துறதையும் இது நிறுத்தும், பயன்படுத்துன எண்ணெயை பயோடீசலுக்கு வாங்குறவங்க இருக்காங்க, உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2018ல அதுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. கெச்சப் பாக்கெட்டுக்கு பதிலா அழுத்துனா வர்ற பாட்டில் வைக்கச் சொல்றதையும் பட்டியல்ல மறந்துடாதீங்க, அந்தத் துக்கடா பாக்கெட்டுகளை ஈரக் குப்பைல இருந்து கையால பொறுக்குறதுதான் பிரிக்கிற வேலையிலேயே ரொம்பக் கொடுமை.

ஸ்பான்சர் இலவசமா குடுக்குற கொடி, ஊதி அடிக்கிற குச்சி, 4, 6 அட்டை இதெல்லாம் கடைக்காரர் காண்ட்ராக்ட்ல வராது, மார்க்கெட்டிங் ஆளுங்க வேற வழியா உள்ள கொண்டு வருவாங்க. இவங்களுக்கும் அதே பட்டியல் பொருந்தும்னு முன்னாடியே ஒரு வரி போட்டு வைக்கணும், இல்லன்னா கடைக்காரரை வறுத்தெடுத்துட்டு ஸ்பான்சரை விட்ட மாதிரி ஆகும்.

கண்காட்சி நடத்துறவங்களுக்கு இங்க ஒரு சின்ன விஷயம். அங்க சாப்பாட்டுக் குப்பை இவ்வளவு முக்கியம் இல்ல. கடைசி நாள் ராத்திரி ஸ்டால் பிரிக்கும்போது வர்ற கார்ப்பெட், ப்ளைவுட், ஃப்ளெக்ஸ், தெர்மாகோல்தான் மலை. காலைல ஹாலை ஒப்படைக்கணும்ங்கிற அவசரத்துல எல்லாத்தையும் ஒரே லாரில அள்ளிடுவாங்க. ஸ்டால் எடுக்குறவர்கிட்ட முன்பணம் வாங்கி, இடத்தைக் காலியாக் காட்டுனாதான் திருப்பித் தருவோம்னு சொல்றதும், பிரிக்கிறதுக்கு அரை நாள் கூடுதலா வாடகைல சேக்குறதும் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே, உரிமம் இல்லாத இடத்துல நூறு பேருக்கு மேல கூடுற நிகழ்ச்சின்னா மூணு வேலை நாளுக்கு முன்னாடி உள்ளாட்சிக்குச் சொல்லணும், குப்பையைப் பிரிச்சு ஒப்படைக்கணும்னு இருந்துச்சு. நாளுக்கு சராசரியா 100 கிலோவுக்கு மேல குப்பை போடுற ஸ்டேடியமெல்லாம் மொத்தக் கழிவு உண்டாக்குறவங்க பட்டியல்ல வந்துச்சு. பிரிக்கிறது நடத்துறவர் பொறுப்பு, மாநகராட்சி வண்டி வந்து அள்ளிட்டுப் போகும்னு உக்காந்திருக்க முடியாது.

இப்போ மேட்ச் முடிஞ்சாச்சு, பதினொன்றரை மணி, 30,000 பேரும் கிளம்பியாச்சு. இந்த நேரத்துல வழக்கமா நடக்குற தப்பு, காத்தடிக்கிற மெஷினையோ துடைப்பத்தையோ எடுத்து மேல்வரிசைல இருந்து எல்லாத்தையும் கீழ தள்ளிக் குவிக்கிறது. வேகமா முடியும், ஆனா பாதி குடிச்ச கோலா, சட்னி, பாப்கார்ன், அட்டை எல்லாம் ஒரே குழம்பாயிடும், அதுக்கப்புறம் எந்த டேபிள்ல வச்சுப் பிரிச்சாலும் அட்டை ஈரம்தான், யாரும் வாங்கமாட்டாங்க.

ரெண்டு நடை போகணும். மொத நடைல நீலப் பையோட போறவங்க பாட்டில், டப்பா, அட்டை, கப் இதை மட்டும் குனிஞ்சு எடுக்கணும், கூடவே ஒரு வாளி, மிச்சம் இருக்குற பானத்தை அதுல கவுத்துட்டுத்தான் கப்பைப் பைல போடணும். ரெண்டாவது நடைல பச்சைப் பை, சாப்பாட்டு மிச்சம், இலை. அதுக்கப்புறம் வேணும்னா மெஷினை ஓட்டி மிச்ச தூசியைக் குவிக்கட்டும். கூட ஒரு மணி நேரம் ஆகும், டேபிள்ல அதை விட நிறைய மிச்சமாகும். அந்த வாளி விஷயத்தை சாதாரணமா எடுத்துக்காதீங்க, உலர் குப்பையைக் கெடுக்குறதுல சோத்தை விட மிச்சம் வச்ச பானம்தான் மோசம், ஒரு பைல நாலு கப் கோலா சிந்துனா அந்தப் பை முழுக்க ஒட்டும்.

பிரிக்கிற இடம் கூரையோட, சிமெண்ட் தரையோட, நல்ல வெளிச்சத்தோட, தண்ணி வடியுற மாதிரி இருக்கணும். தரைல கொட்டி குந்த வச்சுப் பிரிக்க வைக்கிறது மனுஷங்களைக் கஷ்டப்படுத்துறது, வேகமும் வராது, இடுப்பு உயர டேபிள் வேணும், கெட்டிக் கையுறை, ஷூ, இடைவேளைல கை கழுவ சோப்பு. டாய்லெட்ல இருந்து வர்ற நாப்கின், டயப்பர் பை இந்த டேபிளுக்கு வரவே கூடாது, அது வேற கலர் பைல வேற வழியா நேரா போகணும். வர்ற ஒவ்வொரு பைலயும் எந்த ஸ்டாண்ட்ல இருந்து வந்ததுன்னு சீட்டு கட்டியிருக்கணும், பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எடை, பிரிச்சதுக்கு அப்புறம் வகைவாரியா ஒரு எடை.

ஆள் கணக்கு: உலர் குப்பை மொத்தம் 3 டன்னு வச்சுக்குவோம், ஒருத்தர் மணிக்கு 30 கிலோ பிரிப்பார்னா 100 மணி நேர வேலை, இருபது பேர் அஞ்சு மணி நேரம். அந்த 30 கிலோவை நம்பாதீங்க, மொத அரை மணி நேரம் பாத்து உண்மையான வேகத்தை எடுத்துக்கிட்டு ஆளைக் கூட்டணுமா, ஷிப்ட் மாத்தணுமான்னு முடிவு பண்ணுங்க. ஈரம் அதே ராத்திரி கிளம்பிடணும், சென்னை வெக்கைல காலை பத்து மணிக்கெல்லாம் சாறு இறங்கி ஈ மொய்க்க ஆரம்பிச்சுடும். உலர் குப்பை ஒரு நாள் காத்திருக்கும், பிரச்சினை இல்ல, அதனால ராத்திரியே எல்லாத்தையும் முடிக்கணும்னு தூக்கக் கலக்கத்துல ஆளை நிக்க வைக்காம, உலர் வகையைக் காலைல நல்ல வெளிச்சத்துல வச்சுக்கிறது புத்திசாலித்தனம்.

இப்போ அந்தக் கப் எண்ணிக்கைக்கு வர்றேன். 60,000 கப், 300 கிலோ உள்ள போனது உங்க ஸ்டோர் நோட்டுல இருக்கு. பிரிச்சு எடை போட்டா கப் வகை 180 கிலோதான் காட்டுது. மிச்ச 120 கிலோ எங்கயோ போயிருக்கணும், ஒண்ணு ஈரத்தோட ஈரமா ஆலைக்குப் போயிருக்கு, இல்ல மிச்சக் குப்பை மூட்டைக்குள்ள இருக்கு, இல்ல கேட்டுக்கு வெளில ரோட்டுல கிடக்கு. மறுபக்கம் 450 கிலோ காட்டுனா, ஒண்ணு கப்புக்குள்ள பானம் இருக்கு, இல்லன்னா நீங்க குடுக்காத கப் உள்ள வந்திருக்கு. சீட்டுல ஸ்டாண்ட் பேர் இருக்குறதால எந்தப் பக்கம்னு பாத்து அந்தப் பக்கத்துக் கடை வரிசையை அடுத்த மேட்ச்ல மொதல்ல செக் பண்ணலாம். பொத்தாம்பொதுவா "இவ்வளவு டன் மறுசுழற்சி பண்ணுனோம்"னு அறிக்கை விடுறவங்ககிட்ட இந்த வரவு செலவு இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

கேக்கும்போது இன்னொண்ணும் கேக்கணும், மிச்சக் குப்பை எங்க போச்சு? சென்னைல மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கை அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளா அனுப்புற வழி இருக்கு. அது கொடுங்கையூர், பெருங்குடி மேட்டுல கொட்டுறதை விட நல்லது, மறுக்கலை. ஆனா அது எரிக்கிறதுதான். "குப்பைமேட்டுக்கு ஒரு கிலோ கூட போகல"ங்கிறதும் "70 சதவீதம் மறுசுழற்சி ஆச்சு"ங்கிறதும் ரெண்டு வேற கணக்கு, லண்டன் மொதல்ல நூறு வாங்கி ரெண்டாவதுல 62 வாங்குனது அதனாலதான், அவங்க ரெண்டையும் தனித்தனியா வெளில சொன்னாங்க. இங்க பெரும்பாலும் மொத எண்ணை மட்டும் பேனர்ல போடுவாங்க. ஆலைல இருந்து வர்ற எடைச்சீட்டுல ஈரம், உலர், எரிபொருள்னு மூணு வரி தனித்தனியா இருக்கான்னு பாத்துட்டு பில்லுக்குக் காசு குடுங்க. ஒரே வரில மொத்த டன் மட்டும் எழுதியிருந்தா, ராத்திரி நீங்க பிரிச்சது லாரில ஏறும்போது ஒண்ணாயிடுச்சுன்னு சந்தேகப்படலாம்.